வீழ்ச்சியும் வரத்தும்: சிறு நீர்மின் நிலையத்துக்கு ஏற்ற விசையாழி

மலைச்சரிவில் உயரமான ஓரிடத்தில் தேக்கப்பட்ட நீர், குழாய் வழியாகக் கீழிறங்கி மின்நிலையத்தை அடையும்போது, அது இழந்த உயரம் முழுவதும் குழாயின் அடிமுனையில் அழுத்தமாக நிற்கிறது. அந்த அழுத்தத்தைச் சுழற்சியாக மாற்றும் பொறியே விசையாழி, அதாவது டர்பைன். இந்த மாற்றத்தை நிகழ்த்த இரண்டு வழிகள் உள்ளன. நீர் சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே அதன் அழுத்தம் முழுவதையும் நாசில் என்னும் குறுகிய வாயில் வேகமாக மாற்றி, அந்த வேகமான தாரையைத் திறந்த காற்றில் சுழலும் சக்கரத்தின்மீது பாய்ச்சுவது முதல் வழி. இவ்வாறு இயங்குபவை தாக்கு விசையாழிகள். அழுத்தத்தில் ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டி வேகமாக்கி, மீதியைச் சக்கரத்தின் இதழ்களுக்கிடையே நீர் செல்லும்போதே படிப்படியாக விடுவிப்பது இரண்டாவது வழி. இவை எதிர்வினை விசையாழிகள் எனப்படுகின்றன. முதல் வகையில் சக்கரத்தைச் சுற்றிக் காற்று இருக்கிறது, உறை வெறும் சாரல் தடுப்பு மட்டுமே. இரண்டாம் வகையிலோ சக்கரம் முழுவதும் நீரில் மூழ்கியிருக்க, உறை அழுத்தம் தாங்கும் கலமாக இருந்தாக வேண்டும். சக்கரத்தை விட்டு வெளியேறும் நீரும் விரிந்துகொண்டே செல்லும் ஓர் உறிஞ்சு குழாய் வழியாகவே வெளிவாய்க்காலை அடைகிறது.

கலிபோர்னியத் தங்கச் சுரங்கப் பகுதியில் பணியாற்றிய லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்ற, இரட்டைக் கிண்ணங்கள் பொருத்திய சக்கரம் தாக்கு வகையின் தலைமகன். தாரையைச் சக்கரத்தின் பக்கவாட்டில் சாய்வாகப் பாய்ச்சும் டர்கோ, தகடுகளால் ஆன உருளையின் குறுக்கே நீர் இருமுறை கடந்து செல்லும் குறுக்குப்பாய்வு விசையாழி ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எதிர்வினை வகையில், அமெரிக்காவின் லோவெல் நகரத்து நெசவாலைகளின் கால்வாய்களில் ஜேம்ஸ் பிரான்சிஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செம்மைப்படுத்திய விசையாழியும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டர் கப்லான் வடிவமைத்த, கப்பல் உந்தி போன்ற இதழ்களைக் கொண்ட விசையாழியும் முதன்மையானவை.

உயர்ந்த வீழ்ச்சிக்குப் பெல்டன், தாழ்ந்த வீழ்ச்சிக்குக் கப்லான், இடைப்பட்டதற்குப் பிரான்சிஸ் என்று பாடநூல்கள் சொல்லும் விதி தவறன்று. நீலகிரியில் 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய பைகாரா மின்நிலையத்தில் வீழ்ச்சி 900 மீட்டருக்கு மேல். அங்கே பெல்டன் சக்கரங்கள் தவிர வேறெதற்கும் இடமில்லை. அதே தமிழ்நாட்டில், மேட்டூருக்குக் கீழே காவிரியில் அடுத்தடுத்துக் கட்டப்பட்ட தடுப்பணைகளின் மின்நிலையங்களில், சில மீட்டர் வீழ்ச்சிக்காகக் கப்லான் குடும்பத்தைச் சேர்ந்த குமிழ் வடிவ விசையாழிகள் நீருக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. இந்த இரண்டு எல்லைகளிலும் தேர்வு என்ற பேச்சே எழுவதில்லை. ஆனால் சிறு நீர்மின் நிலையங்களுக்கு அகப்படும் ஓடைகளில் பெரும்பாலானவை இந்த எல்லைகளுக்கு நடுவே, 20 மீட்டரிலிருந்து 150 மீட்டர் வரையிலான வீழ்ச்சியில் இருக்கின்றன. அங்கே இரு குடும்பங்களும் ஒன்றின்மீது ஒன்று படிந்து நிற்கின்றன. வீழ்ச்சி என்னும் ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பார்ப்பவர் தவறான பொறியை வாங்க நேர்வது இந்தப் பகுதியில்தான்.

எல்லைகளில் ஏன் தேர்வில்லை என்பதைப் புரிந்துகொண்டால் நடுப்பகுதியின் சிக்கலும் எளிதாக விளங்கும். தாரையின் வேகம் வீழ்ச்சியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 900 மீட்டர் வீழ்ச்சியில் அது வினாடிக்கு 130 மீட்டரைத் தாண்டும், 5 மீட்டர் வீழ்ச்சியில் 10 மீட்டரைக்கூட எட்டாது. தாக்கு விசையாழியின் கிண்ணம் தாரையின் வேகத்தில் ஏறக்குறையப் பாதி வேகத்தில் நகரும்போதுதான் நீரின் ஆற்றல் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேலோ கீழோ போனால் நீர் ஆற்றலைத் தன்னுடனேயே கொண்டு வெளியேறிவிடும். ஆகவே வீழ்ச்சி சக்கரத்தின் விளிம்பு வேகத்தை நிர்ணயிக்கிறது. நீர்வரத்து தாரையின் தடிமனை நிர்ணயிக்கிறது. தாரையின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 9 அல்லது 10 மடங்குக்குக் குறையாத விட்டம் பெல்டன் சக்கரத்துக்கு வேண்டும், இல்லையேல் கிண்ணங்கள் ஒன்றையொன்று மறைக்கும். 5 மீட்டர் வீழ்ச்சியில் வினாடிக்கு 5 கனமீட்டர் நீரை ஒரே தாரையாகப் பாய்ச்ச வேண்டுமானால் தாரை 80 சென்டிமீட்டர் தடிமனாக இருக்கும், சக்கரம் ஏறக்குறைய 8 மீட்டர் விட்டம் கொண்டதாக இருக்கும், நிமிடத்துக்கு 11 சுற்றுதான் சுழலும். ஜெனரேட்டருக்கு வேண்டியதோ நிமிடத்துக்கு 750, 1000, 1500 போன்ற சுற்றுகள். எந்தப் பல்சக்கரப் பெட்டியும் இந்த இடைவெளியை மலிவாக நிரப்பாது.

மறு எல்லையில் இடர்ப்பாடு நேரெதிரானது. உயர்ந்த வீழ்ச்சியும் குறைந்த வரத்தும் சேர்ந்த இடத்தில் எதிர்வினை விசையாழியை வைத்தால், அதன் இதழ்களுக்கிடையேயான வழிகள் குச்சி நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. சுழலும் சக்கரத்துக்கும் நிலையான உறைக்கும் இடையே விட்டுத்தான் ஆக வேண்டிய மெல்லிய இடுக்கு வழியாக, பெரும் அழுத்தத்தில் நிற்கும் நீர் வேலை செய்யாமலேயே கசிந்து போகிறது. இதழ்களின் வழியே செல்லும் நீரோ உராய்விலேயே தன் ஆற்றலைத் தொலைக்கிறது.

வீழ்ச்சி, வரத்து, சுழல் வேகம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கிக் காட்டுவது தன்வேக எண். அதன் சூத்திரம் இது:

nq = n √Q / H^0.75

இதில் n என்பது நிமிடத்துக்கான சுற்றுகள், Q என்பது வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்ற வரத்து, H என்பது மீட்டரில் நிகர வீழ்ச்சி. பெரிய வீழ்ச்சிக்குச் சிறிய வரத்து என்றால் எண் சிறியதாகவும், சிறிய வீழ்ச்சிக்குப் பெரிய வரத்து என்றால் எண் பெரியதாகவும் வரும். ஒரு தாரைப் பெல்டனுக்கு இது ஏறக்குறைய 10க்குள் அடங்க வேண்டும், 8க்குள் இருந்தால் நல்லது. பிரான்சிஸ் 20க்கு மேல் தொடங்கி 100ஐத் தாண்டியும் நன்றாக இயங்கும். அதற்கும் மேலே கப்லானின் ஆட்சி. 10க்கும் 20க்கும் இடைப்பட்ட பகுதியை டர்கோ நிரப்புகிறது. குறுக்குப்பாய்வு விசையாழியோ உருளையை நீளமாக்கியே கூடுதல் நீரை ஏற்றுக்கொள்வதால், பிரான்சிஸின் எல்லைக்குள்ளும் கணிசமான தூரம் நுழைகிறது. கவனிக்க வேண்டியது, இந்தச் சூத்திரத்தில் n என்பது ஓடை தரும் எண்ணன்று, வடிவமைப்பவர் தேர்ந்தெடுக்கும் எண். ஆகவே ஒரே ஓடை, தேர்ந்தெடுக்கும் வேகத்துக்கு ஏற்பப் பல குடும்பங்களுக்குள் விழக்கூடும்.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பின்தொடரலாம். இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவிலோ வால்பாறைப் பகுதியிலோ காணக்கூடிய, கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் பாயும் ஓர் ஓடையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் பல, மின்வாரியக் கம்பி வருவதற்கு வெகுகாலம் முன்பே இத்தகைய ஓடைகளில் விசையாழி வைத்துத் தங்கள் தொழிற்சாலைகளை ஓட்டின என்பதால், இந்தக் கணக்கு அங்கே புதியதன்று. ஓடையிலிருந்து நீரைத் திருப்பிச் சேர்க்கும் முன்தொட்டியின் நீர்மட்டத்துக்கும், மின்நிலையத்துக்குக் கீழே வெளிவாய்க்காலின் நீர்மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 64 மீட்டர். இது மொத்த வீழ்ச்சி. இரண்டையும் இணைக்கும் 300 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயில், பென்ஸ்டாக் என்று எல்லோரும் அழைக்கும் அழுத்தக் குழாயில், வினாடிக்கு 200 லிட்டர் நீர் 2 மீட்டர் வேகத்தில் ஓடும்போது உராய்விலும் வளைவுகளிலும் 4 மீட்டர் தொலைகிறது. எஞ்சும் 60 மீட்டர்தான் நிகர வீழ்ச்சி. இந்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால், வரத்து கால்பங்காகும்போது இழப்பு பதினாறில் ஒரு பங்காகிக் கால் மீட்டராகச் சுருங்கிவிடும்.

வீழ்ச்சியை அளப்பது எளிது. மட்டக் கருவி கொண்டு ஒரே நாளில் அளந்துவிடலாம். நீர் நிரம்பிய குழாயின் அடிமுனையில் அழுத்தமானி பொருத்தி, ஒரு பார் அழுத்தத்துக்கு 10.2 மீட்டர் என்று கணக்கிட்டாலும் போதும். ஆனால் நீர்வரத்தை ஒரு நாளில் அளந்தால் அது அந்த நாளின் வரத்து மட்டுமே. ஓடையின் குறுக்கே செவ்வக வெட்டுள்ள பலகையை நிறுத்தி, வெட்டின்மேல் வழியும் நீரின் உயரத்தைக் குறைந்தது ஓராண்டுக்காவது நாள்தோறும் குறித்து, அதை அருகிலுள்ள மழைமானியின் பல்லாண்டுப் பதிவோடு ஒப்பிட்டால்தான் ஆண்டு முழுவதற்குமான உருவம் கிடைக்கும். அப்படி அளந்ததில், ஓடையில் விட்டாக வேண்டிய நீரைக் கழித்துவிட்டு, மழைக்காலம் நான்கு மாதத்துக்கு வினாடிக்கு 200 லிட்டரும், இடைப்பட்ட நான்கு மாதத்துக்கு 120 லிட்டரும், டிசம்பரிலிருந்து மார்ச் வரையிலான வறண்ட நான்கு மாதத்துக்கு 50 லிட்டரும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையான ஓடை இப்படி மூன்று படிகளாக இறங்காது. ஆனால் படிகளை நூறாக்கினாலும் முடிவு மாறாது என்பதால், இந்த எளிமை மன்னிக்கத் தக்கது.

இப்போது தன்வேக எண். 60இன் முக்கால் அடுக்கு 21.6; 0.2இன் வர்க்கமூலம் 0.447. நிமிடத்துக்கு 1500 சுற்று என்று வைத்தால் எண் 31 வருகிறது, இது பிரான்சிஸுக்கு வசதியான இடம். சக்கரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஜெனரேட்டரை அதே தண்டில் நேரடியாகப் பிணைத்துவிடலாம். பெல்டனை ஒற்றைத் தாரையோடு வைத்தால் எண் 8க்குள் அடங்க, வேகம் 375 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும், சக்கரமும் 80 சென்டிமீட்டராகப் பெருத்துவிடும். ஆனால் நீரை நான்கு நாசில்களாகப் பிரித்தால் ஒவ்வொரு தாரைக்கும் 50 லிட்டர்தான். தாரையின் வேகம் வினாடிக்கு 33 மீட்டர், தடிமன் 44 மில்லிமீட்டர், சக்கரத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 750, ஒரு தாரைக்கான தன்வேக எண் 7.8. செங்குத்துத் தண்டில் நான்கு நாசில்களைச் சுற்றிலும் அமைத்த இத்தகைய பெல்டன் முற்றிலும் இயலக்கூடியதே. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குறுக்குப்பாய்வு உருளை இதே வீழ்ச்சியில் ஏறக்குறைய 1000 சுற்றில் சுழலும். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து கில்க்ஸ் நிறுவனத்தில் எரிக் குரூட்சன் 1919இல் உருவாக்கிய டர்கோ சக்கரமும் இரண்டு தாரைகளோடு 1000 சுற்றில் பொருந்தும். அட்டவணையைப் பொறுத்தவரை நான்குமே சரிதான். வீழ்ச்சி இங்கே வாய் திறக்கவில்லை.

உச்சத் திறனை மட்டும் ஒப்பிட்டால் பிரான்சிஸ் வெல்லும். நன்றாகச் செய்யப்பட்ட சிறு பிரான்சிஸ் முழு வரத்தில் நீரின் ஆற்றலில் 88 விழுக்காட்டைத் தண்டுக்குக் கொடுக்கும். பலதாரைப் பெல்டன் 85 விழுக்காடு, குறுக்குப்பாய்வு 77 விழுக்காடு என்று வைக்கலாம். அதோடு பிரான்சிஸுக்கு உறிஞ்சு குழாயின் துணையும் உண்டு. சக்கரம் வெளிவாய்க்காலுக்கு மேலே 2 மீட்டரில் இருந்தாலும், அந்த 2 மீட்டரில் தொங்கும் நீர்த்தம்பம் கீழிருந்து இழுப்பதால், உயரம் வீணாவதில்லை. பெல்டன் சக்கரமோ வெள்ளத்திலும் நீரைத் தொடாமல் காற்றில் சுழல வேண்டியிருப்பதால், நாசிலுக்குக் கீழுள்ள 2 மீட்டரை அப்படியே இழக்கிறது. 64 மீட்டரில் இது 3 விழுக்காடு என்பதால் தாங்கிக்கொள்ளலாம். வீழ்ச்சி 8 மீட்டராக இருந்தால் அதே 2 மீட்டர் கால்பங்கு. தாழ்ந்த வீழ்ச்சியில் தாக்கு விசையாழிகள் விலகிக்கொள்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஆனால் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் படம் மாறுகிறது. ஜெனரேட்டரின் இழப்பையும், பெல்டன் இழக்கும் அந்த 2 மீட்டரையும் சேர்த்துப் பார்த்தால், மழைக்காலத்தில் பிரான்சிஸ் 95 கிலோவாட்டும் நான்கு தாரைப் பெல்டன் 89 கிலோவாட்டும் தரும். வரத்து 120 லிட்டராகக் குறையும்போது பெல்டனில் ஒரு நாசிலை மூடிவிட்டு மூன்றை ஓட்டலாம். ஒவ்வொரு தாரையும் தன் வடிவத்தையும் வேகத்தையும் இழக்காமல் இருப்பதால் திறன் அப்படியே நிற்கிறது, கிடைப்பது 56 கிலோவாட். பிரான்சிஸோ அறுபது விழுக்காடு வரத்தில் 80 விழுக்காட்டுத் திறனுக்கு இறங்கி 54 கிலோவாட் தரும். இதுவரை இரண்டும் சமம் என்றே சொல்லலாம். வறண்ட நான்கு மாதங்களில்தான் கதை தலைகீழாகிறது. பெல்டன் ஒற்றை நாசிலோடு, 50 லிட்டரில் 22 கிலோவாட்டை அமைதியாகத் தந்துகொண்டிருக்கும். பிரான்சிஸை அந்தக் கால்பங்கு வரத்தில் ஓட்டவே கூடாது.

ஏன் கூடாது என்பது எதிர்வினை விசையாழியின் இயல்பிலேயே இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றி வட்டமாக நிற்கும் வழிகாட்டித் தகடுகளை ஒருசேரத் திருப்பி வாயைக் குறுக்குவதுதான் பிரான்சிஸில் வரத்தைக் குறைக்கும் வழி. அப்படித் திருப்பும்போது நீரின் அளவோடு அது சக்கரத்துக்குள் நுழையும் திசையும் மாறிவிடுகிறது. ஆனால் சக்கரத்தின் இதழ்கள் ஒரே கோணத்தில் வார்க்கப்பட்டவை. கோணம் பொருந்தாத நீர் இதழின் நுனியில் மோதிப் பிரிந்து சுழல்களை உண்டாக்குகிறது. வெளியேறும் நீரும் சுழன்றுகொண்டே உறிஞ்சு குழாய்க்குள் இறங்குகிறது. குழாயின் நடுவே கயிறு போல முறுக்கிய ஒரு சுழல் உருவாகி, சக்கரத்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரையிலான வேகத்தில் குழாயின் சுவரைச் சுற்றிச் சுற்றித் தட்டுகிறது. 1500 சுற்றில் ஓடும் பொறியில் இது வினாடிக்கு 5 முதல் 10 வரையிலான தட்டுகள். மின்நிலையத்துக்குள் நிற்பவருக்கு இது காதில் கேட்பதைவிடக் காலடியில் அதிர்வாகத் தெரியும். கிலோவாட் மானியின் முள்ளும் அதனோடு சேர்ந்து ஆடும். கப்லானில் வழிகாட்டித் தகடுகளோடு சக்கரத்தின் இதழ்களையும் திருப்ப முடிவதால் இந்தக் குறை பெருமளவு நீங்குகிறது; ஆனால் 60 மீட்டர் வீழ்ச்சி அதற்கு உரியதன்று.

ஆகவே 2920 மணிநேரம் கொண்ட மூன்று பருவங்களையும் கூட்டினால், பெல்டன் ஆண்டுக்கு ஏறக்குறைய 4.9 லட்சம் யூனிட்டும், பிரான்சிஸ் 4.35 லட்சம் யூனிட்டும் தருகின்றன. மழைக்காலத்தில் பிரான்சிஸ் முந்திய 6 கிலோவாட் 17,500 யூனிட்டுக்குத்தான் சமம். வறட்சியில் அது இழந்ததோ 64,000 யூனிட். குறுக்குப்பாய்வு விசையாழியின் கணக்கு இதைவிடச் சுவையானது. முழு வரத்தில் 81 கிலோவாட் மட்டுமே தரும் அது, உருளைக்கு நீர்விடும் வாயை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பிரித்து, வரத்துக்கேற்பச் சிறு பகுதியையோ பெரும் பகுதியையோ மட்டும் திறக்கும் வசதியால், பிற பருவங்களில் 50, 20 கிலோவாட் என்று தாக்குப்பிடித்து, ஆண்டுக் கூட்டலில் 4.4 லட்சம் யூனிட்டை எட்டிவிடுகிறது. உச்சத் திறனில் 11 விழுக்காடு பின்தங்கிய பொறி, ஆண்டு முடிவில் பிரான்சிஸுக்குச் சமமாக நிற்கிறது. அதைத் தகடு வெட்டவும் பற்றவைக்கவும் தெரிந்த உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம், பழுதும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தால், வங்கிக் கடனில் நிலையம் அமைக்கும் சிற்றூர்ச் சங்கம் ஒன்று எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஒரு பெரிய பிரான்சிஸுக்குப் பதிலாகச் சிறியதும் பெரியதுமாக இரண்டை வைத்து, வறட்சியில் சிறியதை மட்டும் ஓட்டலாமே என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். பெரிய நிலையங்களில் இதுவே வழக்கம். ஆனால் இந்த ஓடையில், 65 லிட்டருக்கான சிறு பிரான்சிஸின் தன்வேக எண்ணைக் கணக்கிட்டால், அதே 1500 சுற்றில் அது 18க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது வரத்தைப் பிரித்த உடனேயே அந்தத் துண்டு பிரான்சிஸின் எல்லையை விட்டு நழுவி, கசிவும் உராய்வும் மிகுந்த குறுகிய வழிகளுக்குள் போய்விடுகிறது. பெல்டனிலோ வரத்தைப் பிரிப்பது வடிவத்துக்கே நன்மை. மாறாக, பாசன அணையின் அடியில் இதே 60 மீட்டர் வீழ்ச்சியும், விவசாயத்துக்காக மாதக்கணக்கில் மாறாமல் திறந்துவிடப்படும் வினாடிக்கு 1 கனமீட்டர் நீரும் கிடைத்திருந்தால், 1000 சுற்றில் எண் 46 ஆகி, கால்பங்கு வரத்து என்ற கவலையும் இல்லாமல், பிரான்சிஸ் ஐயமின்றி வென்றிருக்கும்.

பிரான்சிஸைத் தேர்ந்தெடுப்பவர் இன்னும் இரண்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, சக்கரத்தை வெளிவாய்க்காலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்பது. உறிஞ்சு குழாய் இழுக்கும் இழுப்பில் சக்கரத்தின் வெளியேற்றுப் பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால், நீர் அறை வெப்பத்திலேயே கொதித்துக் குமிழிகளாகிறது. அந்தக் குமிழிகள் சற்றுத் தள்ளி அழுத்தம் கூடிய இடத்தில் இதழின்மீது வெடித்து ஒடுங்கும்போது இரும்பையே கொத்தி எடுத்துவிடுகின்றன. குமிழ் அரிப்பு எனப்படும் இது தொடங்கிவிட்டதை, உறைக்குள் சரளைக்கல் ஓடுவது போன்ற ஓசையாலும், பொறியைத் திறந்து பார்த்தால் இதழின் பின்பக்கத்தில் வெளியேறும் ஓரத்தையொட்டித் தெரியும் கடற்பஞ்சு போன்ற துளைகளாலும் அறியலாம். கடல்மட்டத்தில் 10.3 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமமான காற்றழுத்தம், 1000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 9.1 மீட்டராகக் குறைகிறது. அதிலிருந்து நீராவிக்காகக் கால் மீட்டரையும், பொறியின் வடிவத்தைப் பொறுத்து நிகர வீழ்ச்சியில் 7 முதல் 10 விழுக்காட்டையும் கழித்தால், நம் ஓடையில் 3 முதல் 4.5 மீட்டர் வரை இடமிருக்கிறது. 2 மீட்டரில் வைப்பதால் ஆபத்தில்லை. ஆனால் இதே அமைப்பை உதகை உயரத்துக்கு அப்படியே எடுத்துச் சென்றால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் குறையும்.

இரண்டாவது, திடீரென மின்சுமை அறும் தருணம். மின்கம்பி அறுந்தாலோ சுவிட்ச் விழுந்தாலோ, பொறியை இழுத்துப் பிடித்திருந்த சுமை போய், சக்கரம் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கிறது. நீரை உடனே நிறுத்தியாக வேண்டும். ஆனால் 300 மீட்டர் குழாயில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை ஒரே கணத்தில் நிறுத்தினால், அதன் உந்தம் முழுவதும் அழுத்த அலையாகி, ஏறக்குறைய 200 மீட்டர் வீழ்ச்சிக்குச் சமமான கூடுதல் அழுத்தத்தைக் குழாய்க்குள் எழுப்பும். 64 மீட்டருக்குக் கட்டிய குழாய் அதைத் தாங்காது. அதே நிறுத்தத்தை 10 வினாடிக்குப் பரப்பினால் கூடுதல் அழுத்தம் 6 மீட்டர் அளவுதான். பெல்டனில் இதற்கு எளிய விடை உண்டு: நாசிலுக்கு முன்னால் இருக்கும் திருப்புத் தகடு ஒரு நொடிக்குள் தாரையைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிட, நீர் குழாயில் தடையின்றி ஓடிக்கொண்டேயிருக்கும், அதன்பின் நாசிலின் ஊசியை மெதுவாக மூடலாம். பிரான்சிஸில் நீரை விலக்க வேறு வழியில்லை. தகடுகளை மூடத்தான் வேண்டும். மெதுவாக மூடினால் சக்கரம் பறக்கும், விரைந்து மூடினால் குழாய் வெடிக்கும். இந்த இரண்டுக்கும் இடையே கனத்த சுழற்றுச் சக்கரமோ அழுத்தம் வடிக்கும் வால்வோ தேவைப்படுகிறது. விலைப்பட்டியலை ஒப்பிடும்போது பலர் சேர்க்க மறக்கும் செலவு இது.

மணலைப் பற்றியும் ஒரு சொல். மழைக்கால ஓடை கொண்டுவரும் கூரிய படிகமணல் எந்தப் பொறியையும் தேய்க்கும். பெல்டனில் தேய்வது ஊசி முனையும் கிண்ணத்தின் நடுவரம்பும். கண்ணாடிக் கம்பி போல வழுவழுப்பாகப் பாய்ந்த தாரை வெண்மையாகி விசிறத் தொடங்கினால் ஊசி தேய்ந்துவிட்டது என்று அறிந்து, அரைநாளில் மாற்றிவிடலாம். பிரான்சிஸில் தேய்வது கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள். எந்த அறிகுறியும் காட்டாமல் கசிவு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும்; அதே வரத்துக்கும் அதே திறப்புக்கும் கிலோவாட் குறைவதைப் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியவரும்.

பெல்டனைத் தேர்ந்தெடுத்தவருக்கு மிஞ்சும் ஒரே கடினமான முடிவு, சக்கரத்தை வெளிவாய்க்காலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதுதான். வெள்ளத்தில் ஓடை பொங்கி வெளிவாய்க்கால் நீர் சக்கரத்தைத் தொட்டுவிட்டால், உறைக்குள் நுரை நிரம்பி, சக்கரம் தானே நீரைக் கடைந்து தன் ஆற்றலைத் தின்னத் தொடங்கும். நீர் மிகுந்த நாளில் நிலையத்தை நிறுத்த வேண்டிவரும். பிரான்சிஸுக்கு இந்த அச்சமில்லை. சக்கரத்தை ஒரு மீட்டர் கூடுதலாக உயர்த்தினால் நம் ஓடையில் ஆண்டுக்கு 1.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 7,900 யூனிட் போகும். மழைக்காலத்தில் மணிக்கு 89 யூனிட் தரும் நிலையம் ஏறத்தாழ நான்கு நாள் நின்றாலும் அதே இழப்புதான். கரையிலுள்ள மரங்களில் படிந்த சேற்றுக்கோட்டையும் ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் கொண்டு, வெள்ளம் அந்த உயரத்தை எத்தனை நாள் எட்டும் என்று மதிப்பிட்டு, அது நான்கு நாளுக்கு மேல் என்றால் சக்கரத்தை உயர்த்தவும், குறைவு என்றால் கீழேயே விட்டுவிட்டு அந்த நாட்களில் நிறுத்தவும் முடிவு செய்யலாம்.